20,247 பேர் நெஜமாவே ஊரை விட்டுப் போனாங்களா? பதிவுல எண்களைத் திருத்தி எழுதறது எப்படி

கேள்வி: சார், நான் வண்டிப்பெரியாறு. நம்ம இடுக்கி மாவட்டத்துல ஜனத்தொகை குறைஞ்சதைப் பத்தி ஒரு பதிவு எழுதினேன், நம்பர் எல்லாம் சென்சஸ்ல இருந்து எடுத்ததுதான். ஆனா படிச்சவங்க ஒருத்தருக்கும் எதுவும் மனசுல நிக்கல, ஒருத்தர் வேற நம்பர் காட்டி 'நீ சொல்றது தப்பு'ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. எப்படி மாத்தி எழுதட்டும்?

பதில்: தம்பி, நீங்க அனுப்பின முதல் பத்தியை அப்படியே கீழ போட்டிருக்கேன், இதை வெச்சே பேசுவோம்.

"2001-இல் 11,29,221 ஆக இருந்த இடுக்கி மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 11,08,974 ஆகக் குறைந்துள்ளது. அதாவது 20,247 பேர், 1.793% பேர் வெளியேறியுள்ளனர். கேரள மக்கள்தொகையோ 3,18,41,374-இல் இருந்து 3,33,87,677 ஆக உயர்ந்துள்ளது. எழுத்தறிவு 90.86%-இல் இருந்து 94% ஆக, 3.14% உயர்ந்துள்ளது."

வருஷத்தை விட்டுட்டு எண்ணிப் பாருங்க, நாலு வாக்கியத்துல ஒன்பது எண் இருக்கு. படிக்கிறவர் ரெண்டாவது எண்ணுக்கு வரும்போதே முதல் எண்ணை மறந்திருப்பாரு, ஆனா கழிச்சுப் பாக்கறதுக்கு ரெண்டும் வேணும், அந்தக் கழித்தலை அவர் தலைல நீங்க ஏத்தி வெச்சுட்டீங்க.

முதல்ல அந்த சண்டையை முடிச்சுடலாம். அவர் காட்டின நம்பர் 11,07,453 தானே? அது பொய் இல்ல தம்பி. சென்சஸ்ல ரெண்டு தடவை எண் வெளிய வரும். 2011 மார்ச் கடைசியிலேயே தற்காலிகக் கணக்குன்னு ஒண்ணு விட்டாங்க, அதுல இடுக்கிக்கு 11,07,453. அப்புறம் ஒவ்வொரு ஃபார்மையும் சரிபார்த்து வந்த இறுதிக் கணக்குல 11,08,974. நீங்க சொன்னது இறுதி, அவர் சொன்னது தற்காலிகம், ரெண்டு பேரும் எது எதுன்னு எழுதல, அவ்வளவுதான் விஷயம். ஆனா உங்க பத்தியிலயே ஒரு இடறல் இருக்கு, கேரளாவுக்கு நீங்க போட்ட 3,33,87,677 தற்காலிகக் கணக்கு, இறுதிக் கணக்கு 3,34,06,061. ஒரே பத்தியில மாவட்டத்துக்கு ஒரு கணக்கு மாநிலத்துக்கு வேற கணக்கு வந்துடுச்சு. எங்கெங்கயோ இருந்து ஒவ்வொண்ணா காப்பி பண்ணி எடுக்கும்போது இதுதான் நடக்கும், அதனால எல்லா எண்ணையும் ஒரே வெளியீட்டுல இருந்து எடுங்க, censusindia.gov.in-ல பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்னு இருக்கற அட்டவணைல மாவட்டமும் மாநிலமும் ரெண்டுமே கிடைக்கும்.

இப்ப எண்ணை எவ்வளவு சுருக்கறதுன்னு பாப்போம். 'ரவுண்ட் பண்ணு'ன்னு சொன்னா நிறைய பேர் உடனே 11 லட்சம்னு போட்டுடுவாங்க. உங்க பதிவுல அப்படிப் போட்டா 2001-லயும் 11 லட்சம், 2011-லயும் 11 லட்சம், நீங்க சொல்ல வந்த விஷயமே காணாமப் போயிடும். எவ்வளவு சுருக்கலாம்ங்கறதை எண்ணோட நீளம் முடிவு பண்றதில்ல, நீங்க காட்ட வேண்டிய வித்தியாசம்தான் முடிவு பண்ணுது. இங்க வித்தியாசம் இருபதாயிரம் சொச்சம், அதனால ஆயிரம் வரைக்கும் எண் தெரியணும், அதுக்குக் கீழ வேண்டாம். 11 லட்சத்து 29 ஆயிரம், 11 லட்சத்து 9 ஆயிரம், வித்தியாசம் சுமார் 20 ஆயிரம். படிக்கிறவர் மனசுலயே கழிச்சுப் பாத்துக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம், கழிக்கறதையும் சதவீதம் போடறதையும் எப்பவும் முழு எண்ணை வெச்சுப் பண்ணிட்டு விடையைச் சுருக்குங்க, முதல்லயே சுருக்கிட்டுக் கழிச்சீங்கன்னா விடை எங்கயோ போயி நிக்கும்.

கடைசி மூணு இலக்கத்தை விடறதுக்கு மனசு வரலைன்னு எழுதியிருந்தீங்க, முழுசாப் போட்டாத்தான் நம்புவாங்கன்னு. நான் 2011-ல பீர்மேடு தாலுக்காவுல எண்ணிக்கை எடுக்கப் போன வாத்தியார், அதனால அந்த இலக்கம் எப்படி உருவாகுதுன்னு எனக்குத் தெரியும். பிப்ரவரி 9-ல இருந்து 28 வரைக்கும் வீடு வீடாப் போனோம். எஸ்டேட் லைன்ல ஒரு வீடு பூட்டியே கிடந்துச்சு, மூணு தடவை போனேன். பக்கத்து வீட்டம்மா 'கம்பத்துக்கு மக வீட்டுக்குப் போயிருக்காங்க சார், இன்னிக்கு நாளைக்கு வந்துருவாங்க'ன்னாங்க. அந்த இருபது நாளும் முழுசா இல்லாதவங்களை இங்க எண்ணக் கூடாது, நடுவுல ரெண்டு நாள் வந்து தங்கியிருந்தா எண்ணணும், இது பூட்டின கதவைப் பாத்துத் தெரியுமா? நாலு பேர் அந்தக் குடும்பத்துல, உங்க 974-ல அவங்க இருக்காங்களா இல்லையான்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் உறுத்தல்தான். இது என் ஒருத்தன் கதை இல்ல, எண்ணி முடிச்சப்புறம் சென்சஸ்காரங்களே ஒரு பகுதியை மட்டும் திரும்பப் போய்ச் சரிபார்ப்பாங்க, 2011-ல அதுல நாடு முழுக்க ஆயிரத்துக்கு சுமார் 23 பேர் விட்டுப்போனது தெரிஞ்சது. நீங்க சொல்ற குறைவு ஆயிரத்துக்கு 18 பேர்தான். அப்படின்னா குறைஞ்சதே பொய்யான்னு பயப்பட வேண்டாம், அந்த 23 நாட்டோட சராசரி, மாவட்டத்துக்குன்னு எடுத்தது இல்ல, அதுவும் போக 2001-லயும் கிட்டத்தட்ட அதே அளவுதான் விட்டுப்போச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையும்போது திசை மாறாது. ஆனா 1.793-னு மூணு இலக்கம் போடற அளவுக்கு அந்தக் கணக்குக்குத் துல்லியம் கிடையாது. 1.8 போதும், அதைவிட '100 பேர் இருந்த இடத்துல 98 பேர்'ங்கறது நல்லாப் பதியும். இன்னொண்ணு கவனிச்சீங்களா, தற்காலிகக் கணக்கை வெச்சுப் போட்டா குறைவு 1.93% வருது, அதுவும் 100-க்கு 98 தான். ரெண்டு பேரும் சண்டை போட்ட எண்ணு சரியாச் சுருக்கினா ஒண்ணாயிடுது.

சிலர் இருபதாயிரத்தைப் புரிய வைக்கறேன்னு 'நானூறு பஸ் நிறைய ஜனம்'னு எழுதுவாங்க. இங்க அதைப் போடாதீங்க. அப்படி எழுதினா அத்தனை பேரும் குமுளி செக்போஸ்ட் தாண்டி பஸ் ஏறிப் போன மாதிரி ஒரு படம் மனசுல வந்துடும், அது உண்மை இல்ல.

உங்க பத்தியில எனக்கு ரொம்ப வருத்தமான வார்த்தை 'வெளியேறியுள்ளனர்'ங்கறதுதான். 20,247-ங்கறது ரெண்டு தேதில எடுத்த ரெண்டு எண்ணிக்கைக்கு நடுவுல இருக்கற வித்தியாசம். அந்தப் பத்து வருஷத்துல குழந்தைங்க பொறந்திருக்கு, ஆட்கள் இறந்திருக்காங்க, வெளிய போயிருக்காங்க, உள்ள வந்திருக்காங்க, எல்லாம் சேர்ந்த மிச்சம்தான் அது. இறப்பைவிடப் பிறப்புதான் அதிகம்ங்கறதால, போனவங்கள்ல இருந்து வந்தவங்களைக் கழிச்சா அது இருபதாயிரத்தைவிடக் கூடத்தான் இருக்கும். அதாவது நீங்க சொல்ல வந்தது இன்னும் பெருசு, தப்பான வார்த்தையால அதைச் சின்னதாக்கிட்டீங்க. அதே மாதிரி எஸ்டேட் பூட்டினதாலதான் குறைஞ்சதுன்னு அடுத்த பத்தியில ஒரே அடியா எழுதியிருக்கீங்க. 2000-க்கு அப்புறம் பீர்மேடு பக்கம் எஸ்டேட்டுகள் பூட்டிக் கிடந்தது நம்ம கண்ணால பாத்தது, சம்பளம் இல்லாம ஜனம் பட்ட பாடும் தெரியும், ஆனா இந்த எண் அந்தக் காரணத்தைச் சொல்லாது. காரணம் சொல்லணும்னா உங்க லைன்லயே எத்தனை வீடு காலியாச்சு, எந்த வருஷம், எங்க போனாங்கன்னு கேட்டு எழுதுங்க, அதை 'நான் கேட்டது'ன்னே போடுங்க.

எழுத்தறிவு எண்ணை எடுத்துடுங்க, இந்தப் பதிவுக்கு அதுல வேலை இல்ல. வேற இடத்துல போட்டீங்கன்னா ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க, அது 7 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல எடுத்த கணக்கு, மொத்த ஜனத்துல இல்ல. அப்புறம் 90.86-ல இருந்து 94-க்கு வந்தது 3.14 சதவீதப் புள்ளி உயர்வு, 3.14 சதவீத உயர்வு இல்ல. '100-க்கு 91 பேர், 94 பேர் ஆனாங்க'ன்னு எழுதிட்டா இந்தக் குழப்பமே வராது.

சுருக்கவே கூடாத எண்ணும் இருக்கு தம்பி, அதுக்கு உங்க பதிவோட கடைசியிலயே உதாரணம் இருக்கு. முல்லைப்பெரியாறுல 'சுமார் 140 அடி'ன்னு எழுதியிருக்கீங்க. உச்ச நீதிமன்றம் 2014-ல அனுமதிச்சது 142 அடி, அது எண்ணி வந்த கணக்கு இல்ல, சட்டமா வெச்ச அளவு. நம்ம ஊர்ல அந்த ரெண்டு அடிக்கு எவ்வளவு பயமும் பேச்சும் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். வரம்பு, தேதி, சம்பள ஒப்பந்தத் தொகை இதெல்லாம் உள்ளது உள்ளபடியே நிக்கணும்.

நான் எழுதினா முதல் பத்தி இப்படி இருக்கும்:

"இடுக்கி மாவட்டத்துல 2001-ல 100 பேர் இருந்தாங்கன்னா, 2011-ல 98 பேர்தான் இருந்தாங்க. அதே பத்து வருஷத்துல கேரளா முழுக்கப் பாத்தா 100 பேர் 105 ஆனாங்க. இடுக்கியோட எண்ணிக்கை 11 லட்சத்து 29 ஆயிரத்துல இருந்து 11 லட்சத்து 9 ஆயிரத்துக்கு இறங்குச்சு, சுமார் 20 ஆயிரம் குறைவு. நடுவுல பொறந்த குழந்தைகளையும் சேர்த்துப் பாத்தா, போனவங்க எண்ணிக்கை வந்தவங்களைவிட 20 ஆயிரத்துக்கும் மேல கூடத்தான் இருக்கணும். இது 2001, 2011 சென்சஸோட இறுதிக் கணக்கு."

பாருங்க, மாவட்டத்துக்குப் பக்கத்துலயே மாநிலம் நிக்குது, 98-ம் 105-ம் அடுத்தடுத்து வர்றதால ஒரே பார்வைல வித்தியாசம் தெரியுது. கேரளாவோட கோடிக்கணக்கு எண் வேண்டவே வேண்டாம், அது முழுசாக் கணக்குப் போட்டா 4.9% கூடினது, அதுதான் 105 ஆச்சு. மூலத்தை அந்தப் பத்தியிலயே சொல்லிட்டோம், படிக்கிறவர் கீழ வரைக்கும் தேடிப் போக வேண்டியதில்ல. முழு எண் வேணும்ங்கறவங்களுக்காக 11,29,221-ம் 11,08,974-ம் பதிவோட அடியில ஒரே வரில, எந்த அட்டவணைன்னும் சேர்த்துப் போட்டுடுங்க.

'இருந்தாங்க'ன்னு இறந்த காலத்துல எழுதியிருக்கறதையும் மாத்திடாதீங்க. 2021-ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போச்சு, அடுத்ததுக்கு நம்ம பக்கம் குறிச்ச நாள் 2027 மார்ச் 1, அதுவரைக்கும் 'இடுக்கியில 11 லட்சம் பேர் வாழறாங்க'ன்னு எழுதினா அது 2011-ல நின்னுபோன எண்ணை இன்னிக்கு ஆக்கறது. புது எண் வந்ததும் 2011-ங்கற இடத்துல இருந்து திரும்பக் கழிச்சுப் பாருங்க, அப்பவும் தற்காலிகக் கணக்குதான் முதல்ல வரும், அதைத் தற்காலிகம்னே எழுதி வைங்க.