நிரந்தர வேலை கேட்டு எப்படி எழுதுவது?

கேள்வி: அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் லேப்பில் என் இண்டர்ன்ஷிப் போன வாரம் முடிந்தது. எண்ணெயின் அமில அளவு பார்ப்பதுதான் முக்கிய வேலை. திங்கட்கிழமைகளில் அது கூடுவதைக் கவனித்து சூப்பர்வைசரிடம் சொன்னேன். கிளம்பும்போது மேனேஜர், "பார்ப்போம்மா, கூப்பிடுறோம்" என்றார். அங்கேயே நிரந்தரமாகச் சேர ஆசை. எழுதிக் கேட்கலாமா, காத்திருக்கவா?
— டிப்ளோமா முடித்தவள், பேராக்

பதில்: காத்திருக்க வேண்டாம், தங்கச்சி. இந்த வாரமே எழுதுங்கள். மேனேஜர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பெரிய தோட்ட நிறுவனங்களில் புதிதாக ஒரு நிரந்தர ஆளை எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஆலையில் நடப்பதில்லை. ஆள் தேவை என்று மேனேஜர் எழுதிக் கேட்பார், தலைமையகத்து மனிதவளப் பிரிவு சம்மதிக்க வேண்டும். அவர் அப்படிக் கேட்கும்போது கூடவே இணைக்க உங்கள் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதனால் மேனேஜர் பெயருக்கே எழுதி, மனிதவளப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அதற்கு முன் சூப்பர்வைசரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "இந்தப் பிள்ளை எப்படி?" என்று மேனேஜர் முதலில் கேட்கப் போவது அவரிடம்தான்.

நம் பிள்ளைகள் பலர் "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்று எழுதுகிறார்கள். பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் படிப்பவருக்கு எந்த இடத்தில் உங்களைப் பொருத்துவது என்று தெரியாது. லேப் அசிஸ்டென்ட் வேலை வேண்டும் என்று முதல் வரியிலேயே கேளுங்கள். ஷிப்ட் வேலைக்கு வர முடியும் என்றால் அதையும் எழுதுங்கள். ஆலை ஓடும் நேரமெல்லாம் லேப்பில் ஆள் வேண்டும், இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை விஷயம். உங்கள் கடிதத்தின் உயிர் அதுதான். அடிபட்ட பழத்தில் இருக்கும் நொதியே எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டும். பழம் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு கூடும். கச்சா செம்பனை எண்ணெய் பொதுவாக 5 விழுக்காட்டுக்குள் அமிலம் இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் விற்பனையாகிறது, தாண்டினால் விலையில் பிடிப்பார்கள். ஆக நீங்கள் கவனித்தது ஆலையின் பணத்தோடு சம்பந்தப்பட்டது. அதை இப்படி எழுதலாம்:

"அமில அளவு டைட்ரேஷனை நானே செய்து பதிவேட்டில் குறித்து வந்தேன். திங்கட்கிழமை காலை மாதிரிகளில் அளவு கூடுவதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ரேம்ப்பில் தங்கிய பழத்தோடு ஒப்பிட்டு, சூப்பர்வைசரிடம் காட்டினேன்."

பழத்தோடு ஒப்பிட்டது உண்மையில் நடந்திருந்தால் மட்டும் அந்தப் பகுதியை வையுங்கள். இல்லையென்றால் கவனித்ததையும் சொன்னதையும் எழுதினால் போதும். அதற்குப் பிறகு ஆலை ஏதாவது மாற்றம் செய்திருந்தால், "அதன்பின் பழைய பழத்தை முதலில் ஏற்றினார்கள்" என்று நடந்ததைச் சொல்லுங்கள், "நான் குறைத்தேன்" என்று சொல்லாதீர்கள். அதைச் செய்தவர்கள்தானே கடிதத்தைப் படிக்கப் போகிறார்கள். இன்னொன்று, வேறு ஆலைகளுக்கும் விண்ணப்பிப்பீர்கள், விண்ணப்பிக்கவும் வேண்டும். அங்கே இந்த ஆலையின் எண்களை எழுதக் கூடாது. அவை அவர்களுடைய உள் விவரங்கள். என்ன சோதனை செய்யத் தெரியும் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தத் தேதியில் இருந்து வேலைக்கு வரலாம், டிப்ளோமா முடிவு வந்துவிட்டதா என்பதை எழுதுங்கள். கடைசி வரியில், "இப்போது இடம் இல்லையென்றால் அடுத்து எப்போது விண்ணப்பிக்கலாம்?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஆலை அலுவலகத்துக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். செம்பனை விளைச்சல் வழக்கமாக ஆண்டின் பிற்பாதியில், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் உச்சத்துக்குப் போகும். ஆலை அதிக நேரம் ஓடும் அந்தச் சமயத்துக்கு முன்னால் இன்னொரு முறை நினைவூட்டலாம்.

"இன்னும் சில மாதம் அலவன்ஸுக்கு வாம்மா, பிறகு பார்ப்போம்" என்று கூப்பிட்டால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். பாலிடெக்னிக் அனுப்பிய பயிற்சி முடிந்துவிட்டது, இனி நீங்கள் செய்வது வேலை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1955 வேலைச் சட்டம் சொல்கிறது. பதவியின் பெயர், சம்பளம், தகுதிகாண் காலம் எல்லாம் கடிதத்தில் இருக்கிறதா, இபிஎஃப், சொக்சோ கட்டுவார்களா என்று பாருங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இதெல்லாம் சரியாக இருந்தால் ஓராண்டு ஒப்பந்த வேலையானாலும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஆண்டு முடிவில் நிரந்தரமாக்குவது பற்றி எப்போது, யார் முடிவு செய்வார்கள் என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.