டர்பன் சம்பளமும் மொரிஷியஸ் சம்பளமும்: மாதக் கடைசியில் மிஞ்சுவது எது?

டர்பனில் நிறுவனங்களின் ஊதியப் பட்டியல் தயாரிப்பது என் தொழில். வேலை மாறும் நம்மவர்கள் சம்பளக் கடிதத்தோடு வந்து கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். தென்னாப்பிரிக்க வரி 2026 பிப்ரவரியில் முடியும் ஆண்டுக்கானது. மொரிஷியஸ் வரி 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டுக்கானது. கணக்கு எளிதாக இருக்க 1 ராண்டுக்கு 2.5 மொரிஷியஸ் ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி (டர்பன், மென்பொருள் பொறியாளர்): அக்கா, இங்கே மாதம் 75,000 ராண்ட் தருகிறார்கள். மொரிஷியஸின் எபேன் நகரில் 1,50,000 ரூபாயும் டிசம்பரில் 13ஆவது மாதச் சம்பளமும் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. மாற்றிப் பார்த்தால் இங்குள்ளதுதான் அதிகம். ஆனாலும் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை தருகிற ஊர், மனம் இழுக்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள்.

பதில்: தம்பி, உங்கள் 75,000 ராண்ட் சம்பளம் அல்ல. உங்களுக்காக நிறுவனம் செய்கிற மொத்தச் செலவு அது. கடிதத்தில் ‘காஸ்ட் டு கம்பெனி’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். மொரிஷியஸ்காரர்கள் எழுதியிருப்பதோ அடிப்படைச் சம்பளம். இந்த இரண்டையும் நாணய மாற்று விகிதத்தில் ஒப்பிட்டால் தொடக்கத்திலேயே கணக்கு தவறிவிடும்.

டர்பன் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 9,00,000 ராண்ட். அதில் ஓய்வு நிதிக்கு 90,000, குடும்பத்தின் மருத்துவத் திட்டமான மெடிக்கல் எய்டுக்கு 96,000 போகிறது. ஓய்வு நிதிக்குப் போவதற்கு வரி இல்லை. மெடிக்கல் எய்டுக்குப் போவதற்கு உண்டு. ஆகவே வரிக்கு உட்படும் தொகை 8,10,000. அதற்கு வரி 2,32,577. எல்லாருக்கும் உள்ள 17,235 கழிவையும், நான்கு பேருக்கான மெடிக்கல் எய்ட் கழிவு 14,640-ஐயும் எடுத்துவிட்டால் ஏறக்குறைய 2,00,700. வேலையின்மைக் காப்பீடான யுஐஎஃப் பிடித்தம் மாதம் சுமார் 177 ராண்டைத் தாண்டாது. கடைசியில் மாதம் கைக்கு வருவது சுமார் 42,600 ராண்ட்.

மொரிஷியஸில் 13 மாதம் சேர்த்து 19,50,000 ரூபாய். முதல் 5 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 5 லட்சத்துக்கு 10 சதவீதம், மீதிக்கு 20 சதவீதம். வரி 2,40,000. குடும்பத்தினருக்கான கழிவை நான் சேர்க்கவில்லை. கிடைத்தால் இன்னும் குறையும். சமூகப் பாதுகாப்புக்கான சிஎஸ்ஜி உங்கள் சம்பளத்துக்கு 3 சதவீதம், மாதம் 4,500 ரூபாய். தேசிய சேமிப்பு நிதிக்குச் சில நூறு. ஆண்டுத் தொகையை 12 ஆகப் பிரித்தால் மாதம் 1,37,700 ரூபாய், அதாவது சுமார் 55,000 ராண்ட். ஆனால் இதை நம்பி வாடகை பேசிவிடாதீர்கள். சாதாரண மாதத்தில் வருவது 1,27,700தான்; மீதி டிசம்பரில் வரும்.

இப்போது மொரிஷியஸ் முன்னால் நிற்கிறது. அதுவும் முழு உண்மை இல்லை. டர்பனில் ஓய்வு நிதியும் மருத்துவமும் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டன. அங்கே அவற்றை நீங்கள் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். சிஎஸ்ஜி உங்கள் பெயரில் சேருகிற சேமிப்பு அல்ல, ஊர் திரும்பும்போது எடுத்து வர முடியாது. அதை வரியாகவே எண்ணுங்கள். முதலாளி தனியாகக் கட்டுகிற பணிக்கொடை நிதி உங்களுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வராதவரை அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நீங்கள் விசாரித்துக் கொடுத்த செலவுகளைப் போடுகிறேன். டர்பனில் வாடகை 14,000, இரண்டு பள்ளிக் கட்டணம் 9,000, மனைவியின் காருக்கு 7,000, வீட்டுக் காவல் சேவைக்கு 600. போக மிஞ்சுவது 12,000 ராண்ட். மொரிஷியஸில் வாடகை 40,000, ஆங்கிலவழி சர்வதேசப் பள்ளிக்கு இரு பிள்ளைகளுக்கும் 50,000, குடும்ப மருத்துவக் காப்பீடு 10,000, டர்பனில் சேர்கிற அதே அளவு ஓய்வுச் சேமிப்புக்கு 18,750. மிஞ்சுவது 18,950 ரூபாய், சுமார் 7,600 ராண்ட். நான்கு பேர் சாப்பாடும் மின்சாரமும் இதற்குள் அடங்க வேண்டும்.

ஆக, தீர்மானிப்பது வரி அல்ல, பள்ளி. அந்த 50,000 ரூபாய் இல்லாவிட்டால் மொரிஷியஸ் வெகுதூரம் முந்திவிடும். பிள்ளைகள் பள்ளி வயதுக்கு வராத குடும்பத்துக்கு இதே கடிதம் நல்ல கடிதம். உங்களுக்கு, இப்போதைய நிலையில், அல்ல. டர்பனோடு சமமாவதற்கே மாதச் சம்பளம் 1,63,000 ரூபாய் வேண்டும்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க், விற்பனை மேலாளர்): இவ்வளவு சுற்ற வேண்டுமா? இங்கே 39 சதவீத வரி, அங்கே 20. போனால் 19 சதவீதம் லாபம். நேர்க்கணக்கு.

பதில்: அடுக்கு விகிதங்கள் இரண்டும் சரிதான், ஐயா. ஆனால் 39 சதவீதம் 6,73,000 ராண்டுக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும்தான். மேலே சொன்ன தம்பியின் கணக்கில் அந்தப் பகுதி 1,37,000 ராண்ட். மொத்தத்தில் அவர் கட்டுவது 9 லட்சத்தில் 22 சதவீதத்துக்குச் சற்று மேல். மொரிஷியஸில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல், சிஎஸ்ஜியையும் சேர்த்தால் 15. இடைவெளி 19 அல்ல, 7 சதவீதம். சம்பள உயர்வு பேசும்போதுதான் அடுக்கு விகிதம் உதவும். இரண்டு முழுச் சம்பளங்களை ஒப்பிட அது உதவாது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், முதுகலை மாணவர்): உலக வங்கி வெளியிடுகிற வாங்கும் திறன் விகிதத்தால் இரண்டு சம்பளத்தையும் வகுத்துவிட்டால் போதாதா, மேடம்? நான் திருநெல்வேலிக்காரன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியே முதல் பாதிக்குப் பதில். அந்த விகிதம் நாடு முழுவதற்குமான செலவுக் கூடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி, கட்டுமானம்கூட அதில் உண்டு. தனியார் பள்ளியும் வாடகை வீடும் தேடுகிற வெளிநாட்டுக் குடும்பத்தின் கூடை வேறு. திருநெல்வேலிக்கு அனுப்புகிற பணமோ வங்கியின் மாற்று விகிதத்தில் போகிறது. அந்த ஊரின் அரிசி விலை அதைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

ஆகவே கைச்சம்பளத்தை இரண்டாகப் பிரியுங்கள். உள்ளூரில் செலவாகும் பங்குக்கு உள்ளூர் விலை. வீட்டுக்கு அனுப்புவதற்கும் சேமிப்புக்கும் வங்கி விகிதம், கமிஷன் போக. விலைவாசி மலிவான ஊர் என்பது முதல் பங்குக்கு மட்டுமே லாபம். சம்பளமும் குறைவாக இருந்தால், விலை மலிந்த அந்த ஊரிலிருந்தே நீங்கள் குறைவாக அனுப்புவீர்கள்.

கேள்வி (ரோஸ் ஹில், கணக்கு உதவியாளர்): எனக்கு இரண்டு கடிதங்கள், இரண்டும் மொரிஷியஸிலேயே. ஒன்றில் அடிப்படைச் சம்பளம் 50,000, மற்றதில் 50,500. நாடு மாறவில்லை என்றாலும் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், இது பலர் கவனிக்காத இடம். அடிப்படைச் சம்பளம் 50,000 வரை சிஎஸ்ஜி 1.5 சதவீதம். தாண்டினால் 3 சதவீதம், அதுவும் தாண்டிய பகுதிக்கு அல்ல, முழுச் சம்பளத்துக்கும். 50,000-இல் பிடித்தம் 750 ரூபாய், 50,500-இல் 1,515. சிஎஸ்ஜி போக முதலாவதில் 49,250, இரண்டாவதில் 48,985. அதிகச் சம்பளக் கடிதம் மாதம் 265 ரூபாய் குறைவாகத் தருகிறது! 50,800-க்கு மேல் போனால்தான் உயர்வு உயர்வாகும். எழுதிக் கொடுத்து அதைக் கேளுங்கள்.

கேள்வி (டர்பன், பிரெஞ்சு படித்தவர்): பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் சம்பளத்துக்கு மேல் 53 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்களாமே? தனியார் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது.

பதில்: அந்தக் கூடுதல் அரசு ஊழியர்களுக்கு. தனியார் அலுவலகம் தரக் கடமைப்பட்டதல்ல. பிரெஞ்சுக் கடிதத்தில் இருக்கும் தொகை மொத்தச் சம்பளம். சமூகப் பாதுகாப்புப் பிடித்தமாகவே ஏறக்குறைய 22 சதவீதம் போகும், பிறகுதான் வருமான வரி. அந்த வரியில் ரியூனியன்வாசிகளுக்கு 30 சதவீதக் கழிவு உண்டு, 2,450 யூரோ வரம்புக்குள். பிடித்தம் பெரிது என்று மிரள வேண்டாம், அதில் மருத்துவமும் ஓய்வூதியமும் அடங்கும். ஆனால் பாரிஸ் சம்பளத்தோடு ஒப்பிடும்போது கவனம்: பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனத்தின் 2022 ஆய்வில் ரியூனியனில் உணவு விலை பிரான்ஸ் பெருநிலத்தைவிட 37 சதவீதம் அதிகம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கக் குடிமகன்): மொரிஷியஸ் போய்விட்டால் இங்குள்ள வரித்துறையான சார்ஸுக்கும் எனக்கும் தொடர்பு முடிந்ததுதானே? வீடு இங்கேயே இருக்கும், பிறகு திரும்புவேன்.

பதில்: திரும்புவேன் என்று சொல்கிறவரை நீங்கள் இந்நாட்டின் வரிக்குடிதான், உலகில் எங்கே சம்பாதித்தாலும் சார்ஸுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே வேலை பார்த்து, அதில் 60 நாளுக்கு மேல் இடைவிடாமல் வெளியே இருந்தால், வெளிநாட்டுச் சம்பளத்தில் 12.5 லட்சம் ராண்ட் வரை இங்கே வரி இல்லை. மேலே பேசிய மொரிஷியஸ் சம்பளம் 7.8 லட்சம் ராண்ட்தான், வரம்புக்குள் நிற்கிறது. முதலாளி கட்டும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அந்த வரம்புக்குள் எண்ணப்படும். படிவம் தாக்கல் செய்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வரிக்குடியுரிமையை முறித்துக்கொள்வது வேறு கதை. அப்போது உங்கள் சொத்தில் சிலவற்றை விற்றதாகவே பாவித்து வரி போடுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

மீண்டும் டர்பன் பொறியாளர்: அக்கா, பேசிப் பார்த்தேன். 1,55,000 ரூபாயும் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் தருகிறார்களாம். மாமா ஒருவர் ராண்ட் எப்படியும் ஏறும், அவசரப்படாதே என்கிறார்.

பதில்: நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். கட்டணத்துக்கும் வரி உண்டு என்றே எடுத்துக்கொண்டாலும் அதில் மாதம் 20,000 ரூபாய் மிச்சம், உயர்வில் கைக்கு வருவது 4,200. இரண்டும் சேர்ந்து சுமார் 9,700 ராண்ட். இப்போது மொரிஷியஸில் மிஞ்சுவது 17,000 ராண்டுக்கு மேல், டர்பனின் 12,000-ஐத் தாண்டிவிட்டது.

ராண்ட் ஏறுமா இறங்குமா என்பதில் மாமாவோடு நான் வாதாடப் போவதில்லை. 1 ராண்டுக்கு 2.8 ரூபாய் என்று ஏறினால் அந்த 17,000 ஏறக்குறைய 15,000 ஆகும், அப்போதும் மொரிஷியஸ் பின்தங்காது. இங்கே வீட்டுக்கடன் கட்ட வேண்டியிருந்தால் சொல்லுங்கள், கணக்கு மாறும்.

எனக்கு விடை தெரியாமல் நிற்பது வேறொன்று. மனைவிக்குத் தனிக் கார் என்றீர்கள். அவர் இங்கே வேலைக்குப் போகிறாரா? போகிறார் என்றால் அவருடைய சம்பளம் மேலே எந்தக் கணக்கிலும் இல்லை. அங்கே அவருக்கு வேலை அனுமதி எப்படி, எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அவருடைய சம்பளச் சீட்டையும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன்.