கோர்ட் ஏலத்தில் வீடு போன பிறகு இருக்கும் 60 நாள்

கேள்வி: அப்பா வாங்கிய புரோநோட் கடன் வழக்கில் அவர் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகி, ஜப்தியில் இருந்த எங்கள் வீட்டைக் கோர்ட்டில் ஏலம் விட்டுவிட்டார்கள். ஏலம் முடிந்து 18 நாள் ஆகிறது. வெளி மார்க்கெட்டில் போகும் விலையில் பாதிக்குத்தான் போயிருக்கிறது. இந்த ஏலத்தை ரத்து செய்ய வழி உண்டா? ஊர் திருமங்கலம் பக்கம்.

பதில்:

வழி உண்டு. ஆனால் "பாதி விலைக்குப் போய்விட்டது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் மனு நிற்காது. என் சித்தப்பா வீடு இதே மாதிரி ஏலத்தில் போனபோது கோர்ட்டுக்கும் வக்கீல் ஆபீசுக்கும் அலைந்தவன் நான்தான், அதனால் அந்தக் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தேதி. ஏலம் கேட்டு முடிந்த நாளிலிருந்து 60 நாள். ஏலம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து இல்லை, கோர்ட் ஏலத்தை உறுதி செய்யும் நாளிலிருந்தும் இல்லை. பழைய புத்தகங்களிலும் சில பெரியவர்கள் வாயிலும் பணம் கட்ட 30 நாள் என்று வரும். அது 2002 திருத்தத்தில் 60 ஆகிவிட்டது. உங்களுக்கு 42 நாள் மிச்சம். உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்று காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு மற்ற இடங்களில் போடுவோமே, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21-இல் வரும் இந்த மனுக்களுக்கு அது கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் தாண்டியதுதான்.

அடுத்து, நாளைக்கே வக்கீலை வைத்து இ.பி. கட்டை, அதாவது டிக்ரியை நிறைவேற்றும் மனுவின் கோர்ட் கோப்பைப் பார்க்க மனுப் போடுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஏலம் எடுத்தவர் பணம் கட்டிய தேதிகள். ஏலம் முடிந்த உடனேயே நாலில் ஒரு பங்கும், பதினைந்தாம் நாள் கோர்ட் மூடுவதற்குள் மீதி முழுவதும் கட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு 18 நாள் ஆகிவிட்டது, ஆகவே இது இப்போது கட்டிலேயே தெரிந்துவிடும். பதினைந்தாம் நாள் விடுமுறையாக இல்லாமல் இருந்து, பதினாறாம் நாள் செலான் இருந்தால்கூட அந்த ஏலம் ஏலமே இல்லை, மறு ஏலம்தான் விட வேண்டும். அவருக்குக் கூடுதல் நாள் கொடுக்கக் கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. டிக்ரி வாங்கியவரே கோர்ட் அனுமதியோடு ஏலம் எடுத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு, அவர் தனக்கு வர வேண்டிய தொகையைக் கழித்துக்கொள்ளலாம். அப்படி அவரே எடுத்திருந்தால் அனுமதி உத்தரவு கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சித்தப்பா விஷயத்தில் பணம் நேரத்துக்குக் கட்டியிருந்தார்கள். அந்த வழி அடைபட்டது. மீதி இரண்டு வழிதான், விதி 90, விதி 89.

விதி 90 என்பது ஏலத்தை அறிவித்ததிலோ நடத்தியதிலோ பெரிய முறைகேடு அல்லது மோசடி, அதனால் உங்களுக்குக் கணிசமான நஷ்டம், இந்த இரண்டையும் காட்டுவது. இரண்டும் இருந்தால் மட்டும் போதாது, முறைகேட்டால்தான் விலை குறைந்தது என்று ஒன்றோடொன்றைக் கோர்த்துக் காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் விழுவது இங்கேதான். பக்கத்து வீட்டுக் கிரயப் பத்திரத்தின் நகலை வாங்கிப் போட்டு "பாருங்கள், விலை எவ்வளவு குறைவு" என்று நிறுத்திவிடுவார்கள். கோர்ட் திருப்பிக் கேட்கும், சரி, என்ன முறைகேடு நடந்தது, அதனால் வராமல் போன ஆள் யார் என்று.

முறைகேடு எங்கே கிடைக்கும் என்றால், ஏல விவரத்தை முடிவு செய்வதற்கு முன் உங்கள் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய நோட்டீஸில் (விதி 66), அப்புறம் நோட்டீஸ் கொடுக்கும் கோர்ட் ஊழியரான அமீனா எழுதிய அறிக்கையில். நோட்டீஸை எந்த விலாசத்தில் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், கதவில் ஒட்டியதாக இருந்தால் அன்று அந்த வீட்டில் ஆள் இருந்தார்களா, தண்டோரா போட்டதாகச் சொல்லி யார் யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தானா. எங்கள் தெருவில் சாட்சி போட்டிருந்த ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டால், அவர் வேறு ஊர்க்காரர், அன்று வந்ததே இல்லை என்றார். இப்படி ஒருவர் கூண்டில் ஏறிச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

ஆனால் எங்களிடம் அதைவிடப் பலமான காரணம் ஒன்று இருந்தது, அல்லது இருப்பதாக நினைத்தோம். முதல் ஏலத் தேதியில் ஏலம் நடக்காமல் 47 நாள் தள்ளிப்போனது. 30 நாளுக்கு மேல் தள்ளினால் ஏல அறிவிப்பைப் புதிதாகப் பிரசுரம் செய்துதான் ஏலம் விட வேண்டும் (விதி 69), அது நடக்கவில்லை. ஊருக்கே தெரியாமல் இரண்டே பேர் வந்து கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் விலை ஏறவில்லை. முறைகேடும் நஷ்டமும் தானாகக் கோர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கட்டை முழுவதும் புரட்டியபோது ஒரு மெமோ வந்தது. "புதிய பிரசுரம் தேவையில்லை, தேதி தள்ளிக் கொடுக்கச் சம்மதம்" என்று. கீழே சித்தப்பா கையெழுத்து.

"வாய்தா கிடைச்சாப் போதும்னு போட்டேன்டா, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கல" என்றார். அந்தச் சம்மதம் இருந்தால் பிரசுரம் இல்லை என்று பிறகு புகார் சொல்ல முடியாது. உங்கள் அப்பா வாய்தா வாங்கியிருந்தால் ஒவ்வொரு மெமோவையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வாதமும் எங்களுக்கு இருந்தது. மொத்தம் 8 சென்ட், வீடு 3 சென்டில், பின்னால் 5 சென்ட் காலி இடம். காலி இடத்தை மட்டும் விற்றாலே கடன் தீர்ந்திருக்கும். கடனுக்குத் தேவையான அளவு மட்டுமே விற்க வேண்டும் என்பது கோர்ட்டின் கடமை, அதை மீறினால் அதிகாரமே இல்லாமல் விற்றதாகும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் எதிர்த் தரப்பு விதி 90-இல் உள்ள மூன்றாவது உட்பிரிவைக் காட்டும். பிரசுரம் எழுதப்படுவதற்கு முன்பே சொல்லியிருக்கக்கூடிய ஆட்சேபத்தை ஏலத்துக்குப் பிறகு சொல்லக் கூடாது என்பது அது. நோட்டீஸே சரியாக வரவில்லை என்றால் நீங்கள் முன்னால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள், ஆக இந்த வாதம் நிற்பதும் விழுவதும் நோட்டீஸைப் பொறுத்தது. சித்தப்பா நோட்டீஸ் வாங்கி ஆஜராகி வாய்தாவும் கேட்டவர். எங்களுக்கு இது மெலிந்துதான் இருந்தது.

அப்போதுதான் விதி 89 பக்கம் திரும்பினோம். இதில் வழக்காட ஒன்றும் இல்லை, யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. 60 நாளுக்குள் இரண்டு தொகையைக் கோர்ட்டில் கட்டி மனுப் போட்டால் ஏலத்தை ரத்து செய்தே ஆக வேண்டும். ஒன்று, ஏலப் பிரசுரத்தில் எழுதியிருக்கும் கடன் தொகை, டிக்ரிதாரருக்கு. இன்னொன்று, ஏல விலையில் நூற்றுக்கு ஐந்து, ஏலம் எடுத்தவருக்கு. எங்கள் கணக்கு: பிரசுரத்தில் 4,86,000 ரூபாய். வீடு ஏலம் போனது 11,20,000-க்கு, அதில் ஐந்து சதவீதம் 56,000. மொத்தம் 5,42,000. பக்கத்து மனையின் பத்திரத்தை வைத்துப் பார்த்தால் அந்த இடம் 19 லட்சத்துக்குக் குறையாது, ஆகவே கடன் வாங்கியாவது கட்டுவதுதான் புத்தி என்று எங்களுக்குப் பட்டது.

இதில் இரண்டு இடத்தில் இடறினோம். பிரசுரத்துக்குப் பிறகு சித்தப்பா டிக்ரிதாரர் கையில் 40,000 கொடுத்திருந்தார், ரசீது கிடையாது. வெளியில் கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்காது. அதைக் கழித்துக் கட்டலாம் என்று சித்தி பிடிவாதம் பிடித்தார். நல்ல வேளை, வக்கீல் விடவில்லை. தொகை குறைந்தால் மனுவே போய்விடும், முழுசாகக் கட்டினோம். அடுத்தது, 40-ஆம் நாள் அவசரத்தில் விதி 90 மனுவைத் தாக்கல் செய்துவிட்டோம். அது நிலுவையில் இருக்கும்வரை 89-இல் போக முடியாது, வாபஸ் வாங்கிய பிறகுதான். நகை அடகும் மச்சான் கொடுத்ததும் சேர்ந்து 55-ஆம் நாள்தான் பணம் புரண்டது. அன்றே வாபஸ் மனு, செலான் வாங்கி பேங்கில் கட்ட இன்னும் அலைச்சல், 58-ஆம் நாள் முடிந்தது. கடைசி வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். பணத்தை அப்பாதான் கட்ட வேண்டும் என்று இல்லை, அவர் சார்பில் நீங்களே கட்டலாம்.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யத் தனி மனுப் போட்டால் ஏலமும் தானாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். ஏலம் எடுத்தவர் மூன்றாம் மனிதர் என்றால், டிக்ரி பின்னால் ரத்தானாலும் அவர் வாங்கியது அவருக்குத்தான் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மனுவைப் போடுங்கள், ஆனால் 60 நாள் கணக்கு அதற்காக நிற்காது.

என் கருத்து இது: தொகையைப் புரட்ட முடியும் என்றால் 89. முடியவே முடியாது, அதோடு நோட்டீஸில் உண்மையான ஓட்டை இருக்கிறது என்றால் மட்டும் 90. அப்போது டிக்ரிதாரரோடு ஏலம் எடுத்தவரையும் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேருங்கள், பாதிக்கப்படுகிற எல்லோருக்கும் நோட்டீஸ் போகாமல் ஏலத்தை ரத்து செய்ய மாட்டார்கள். தோற்றால் அந்த உத்தரவின் மீது அப்பீல் உண்டு.

சித்தப்பா வீட்டு ஏலம் ரத்தாகி, எடுத்தவர் தான் கட்டிய பணத்தோடு அந்த 56,000-ஐயும் வாங்கிக்கொண்டு போனார். பிரசுரத்துக்குப் பிறகான வட்டியும் செலவும் என்று டிக்ரிதாரருக்கு ஒரு பாக்கி நின்றது, 89-இல் கட்டியது அதைத் தீர்க்காது. பின்னால் இருந்த காலி இடத்தில் 2 சென்டை நாங்களே ஆள் பார்த்து விற்று, அதையும் நகையையும் அடுத்த வருஷம் மீட்டோம்.