வினைச்சொல் வருவதற்குள் அறுந்த பேச்சு

கேள்வி: காலி செய்த வீட்டின் உரிமையாளரோடு நான் தொலைபேசியில் பேசியதில் நடுவில் ஒரு சிறு பகுதிதான் பதிவாகியிருக்கிறது. அதைத் தட்டச்சு செய்துவிட்டேன். முன்தொகை வழக்குக்காக வழக்கறிஞர் சுருக்கம் கேட்கிறார். தலையும் வாலும் இல்லாததை எப்படிச் சுருக்குவது?

பதில்: நீங்கள் அனுப்பியதில் நான்கு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதல் குரல்: …அந்த 40,000 ரூபாயைப் பிடிக்கக் கூடாது என்றுதான் அவரும் சொன்னார்.
இரண்டாம் குரல்: சரி, பெயின்ட் வேலை முடியட்டும், பார்க்கலாம்.
முதல் குரல்: போன மாதமே தருவதாகச் சொன்னீர்களே?
இரண்டாம் குரல்: தம்பி வரட்டும். வந்ததும் மீதியை

இதற்கு நீங்கள் எழுதிய சுருக்கம்: "பெயின்ட் வேலை முடிந்து, தம்பி வந்ததும் மீதித் தொகையைத் தர உரிமையாளர் ஒப்புக்கொண்டார்." எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைப் பார்த்தால் மகிழ்ந்துபோவார்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "வந்ததும் மீதியை" என்று அறுந்தால், அடுத்து வரவிருந்தது "தருகிறேன்" என்பதா, "கழித்துக்கொள்கிறேன்" என்பதா, "பற்றிப் பேசலாம்" என்பதா? வாக்கியத்தின் பொருளே அந்த ஒரு சொல்லில் இருந்தது. அது பதிவில் இல்லை. ஒருவேளை "மீதியைத் தருகிறேன்" என்பது வரை பதிவாகியிருந்தாலும் அவசரப்படக் கூடாது. அதன் பின்னால் "என்று நான் எப்போது சொன்னேன்?" என்பது வந்திருக்கலாம். "என்று" ஒட்டிக்கொண்டால் வாக்குறுதி மறுப்பாகிவிடும்.

தொடக்கத்திலும் இதே கதைதான். "அவரும்" என்பதில் உள்ள 'உம்', வேறு யாரோ முன்பே அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று காட்டுகிறது. யார் என்று காட்டவில்லை. "சரி" என்பதைச் சம்மதமாக எழுதாதீர்கள். நம் ஊரில் பேச்சைத் திருப்புவதற்கும் அதே சொல்தான்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "பேச்சின் நடுவில் பதிவு தொடங்குகிறது. ஒரு 40,000 ரூபாயைப் பிடிக்கக் கூடாது என்று 'அவரும்' சொன்னதாக முதல் குரல் கூறுகிறது. அவர் யார், அது எந்தத் தொகை என்பது இப்பகுதியில் இல்லை. பெயின்ட் வேலை முடிந்தபின் பார்க்கலாம் என்கிறது இரண்டாம் குரல். போன மாதமே தருவதாகச் சொன்னீர்களே என்று முதல் குரல் கேட்கிறது. அதை இரண்டாம் குரல் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தம்பி வரட்டும் என்று கூறி, 'வந்ததும் மீதியை' என்ற இடத்தில் பதிவு நின்றுவிடுகிறது."

"கேட்கிறது" என்ற இடத்தில் "நினைவூட்டுகிறது" என்று போட்டிருந்தால், போன மாத வாக்குறுதியை நானே உண்மையாக்கியிருப்பேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பொறுமையாகக் கேளுங்கள். அந்தப் பேச்சில் நீங்களே இருந்தீர்கள். 'அவர்' யார், முன்னால் என்ன பேசினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஊகம் அல்ல, உங்கள் நினைவு. அதைத் தாராளமாக எழுதலாம். ஆனால் தனித்தாளில், "பதிவில் இல்லாதது, என் நினைவிலிருந்து கூறுவது" என்ற தலைப்பின்கீழ். சுருக்கத்துக்குள் அடைப்புக்குறி போட்டு நுழைக்கக் கூடாது. பதிவு தன்னளவில் காட்டுவது வேறு, நீங்கள் சாட்சியாகச் சொல்வது வேறு. இரண்டையும் கலந்தால், உங்கள் நினைவில் ஒரு பிழை வரும்போது பதிவின் மீதும் சந்தேகம் விழும். பேச்சில் இல்லாத உங்கள் வழக்கறிஞருக்கோ உறவினருக்கோ இந்தச் சலுகை கிடையாது.

நீதிமன்ற வாசலில் உட்கார்ந்து, "சுருக்கம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து முடித்துத் தருகிறோம்" என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அவர்கள் "முடித்துத் தருவது" உங்கள் வாக்கியத்தையும் சேர்த்துத்தான். எனக்குத் தெரிந்த ஒருவரின் பிரதியில் இப்படி ஒரு "தருகிறேன்" முளைத்தது. குறுக்கு விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியதும் அவர் வாயடைத்து நின்றார். சான்றிதழ் என்பது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒலிக்கோப்புக்கு உரியது, சுருக்கத்துக்கு அல்ல. ஆகவே மூலக்கோப்பை வெட்டாமல், பெயர் மாற்றாமல் தொலைபேசியிலேயே வைத்திருங்கள்.

அலுவலகத்தில் ஒரு சங்கடம் வரலாம். "முடிவு என்ன என்று எழுதவில்லையே" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக்கொடுப்பார்கள். அறுந்த பேச்சுக்கும் முடிவு வேண்டுமாம்! "பதிவில் முடிவு இல்லை" என்றே எழுதி மறுபடியும் நீட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் பிரதியில் "மீதியை" என்பதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அதை அழித்துவிட்டு, "பதிவு இங்கே நிற்கிறது" என்று எழுதுங்கள்.