கச்சேரி ரத்து, டிக்கெட் பணம் திருப்பிக் கொடுத்தல்: 1,326 ரூபாய் வித்தியாசத்துக்குள் ஒளிந்திருந்த ஆறு பேர்

கேள்வி: எங்கள் சங்கத்தின் மெல்லிசை நிகழ்ச்சி மழையால் ரத்தாகிவிட்டது. டிக்கெட் 400 ரூபாய். பேமெண்ட் கேட்வே, சங்கத்தின் க்யூஆர், ரொக்கம் என்று மூன்று வழியிலும் விற்றோம். எங்கள் லிஸ்ட் படி 530 டிக்கெட், 2,12,000 ரூபாய். வங்கியில் மொத்தமாக வந்ததோ 2,10,673.60. இந்த 1,326 ரூபாயைக் கேட்வே கட்டணம் என்று எழுதி முடித்துவிடலாமா? ஆன்லைன் ரீஃபண்ட் எல்லாம் போட்டுவிட்டோம், ஆனாலும் சிலர் வரவில்லை என்று போன் செய்கிறார்கள்.

பதில்: முடிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று கோப்புகளையும் உட்கார்ந்து பார்த்தேன். அந்த 1,326.40 ஒரே தொகையே இல்லை, எதிரெதிர் பக்கம் இழுக்கிற இரண்டு தொகைகள் சேர்ந்து அப்படித் தெரிகின்றன. கேட்வே வழியாக 310 டிக்கெட், அதாவது 1,24,000 ரூபாய் வந்திருக்கிறது. கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2,480 + 446.40 = 2,926.40 பிடித்துக்கொண்டு 1,21,073.60 உங்கள் கணக்குக்கு வந்தது. அப்படியானால் வங்கியில் 2,926.40 குறைந்திருக்க வேண்டும், குறைந்தது 1,326.40 தான். மீதி 1,600 ரூபாய் யாரோ கொடுத்த பணம், உங்கள் லிஸ்டில் அவர்கள் பெயர் இல்லை.

க்யூஆர் ஸ்டேட்மெண்டில் தேடினால் கிடைத்துவிடுகிறது. உங்கள் லிஸ்டில் க்யூஆர் மூலம் 120 டிக்கெட், 48,000 ரூபாய். வந்ததோ 49,600. தலா 800 ரூபாயாக இரண்டு வரவுகளுக்கு டிக்கெட்டே எழுதப்படவில்லை. பணம் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள், அனுப்பிய நம்பரில் இருந்த தன்னார்வலர் பதிவேட்டில் ஏற்ற மறந்திருப்பார். பணம் கட்டியும் பதிவேட்டில் இல்லாத இந்த ஆட்கள்தான் ரீஃபண்டில் முதலில் விடுபடுகிறவர்கள். பதிவேட்டை வைத்துத் திருப்பிக் கொடுத்தால் அவர்களை எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தேடுகிற இடத்திலேயே அவர்கள் இல்லை.

அதனால் வேலையை வரவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு புது ஷீட்டில் ஒரு பேமெண்டுக்கு ஒரு வரி. டிக்கெட்டுக்கு ஒரு வரியும் வேண்டாம், ஆளுக்கு ஒரு வரியும் வேண்டாம். கேட்வேயில் ஒவ்வொரு பேமெண்டுக்கும் ஒரு ஐடி இருக்கும், க்யூஆருக்கு 12 இலக்க யூபிஐ எண் இருக்கும், ரொக்கத்துக்கு டிக்கெட் புத்தகத்தின் வரிசை எண். முதல் நெடுவரிசையில், அதாவது A காலத்தில், அந்த எண், அடுத்து தேதி, கட்டியவர், எத்தனை டிக்கெட், E காலத்தில் கட்டிய முழுத் தொகை. கேட்வே வரிகளுக்குக் கட்டணம் கழித்த தொகையைப் போடாதீர்கள், கட்டியவர் கையிலிருந்து போனது 800 என்றால் 800 தான். இன்னொன்று, வணிக க்யூஆர் என்றால் ஒரு நாள் வரவு முழுவதும் வங்கி ஸ்டேட்மெண்டில் ஒரே வரியாக விழுவது உண்டு, அப்போது அந்த ஆப்பில் இருந்து தனித்தனி பரிவர்த்தனை அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள்.

Refunds என்ற பெயரில் இரண்டாவது ஷீட். கொடுத்த ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் ஒரு வரி, A காலத்தில் பழைய பேமெண்டின் எண், D காலத்தில் உண்மையிலேயே போய்ச் சேர்ந்த தொகை. அப்புறம் முதல் ஷீட்டில் F, G காலங்களில் இதைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
F2: =SUMIF(Refunds!A:A, A2, Refunds!D:D)
G2: =E2-F2
```

G காலத்தில் 0 இருந்தால் அந்த ஆள் கணக்கு முடிந்தது. 0-க்கு மேல் இருந்தால் அவ்வளவு இன்னும் கொடுக்க வேண்டும், மைனஸ் வந்தால் இரண்டு முறை கொடுத்திருக்கிறீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, 12 இலக்க எண்ணை எக்செல் 4.12E+11 என்று சுருக்கிக் காட்டும், அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போய்விடும், எண் திரும்ப வராது. எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள்.

மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாதா என்று உங்கள் செயலாளர் கேட்பார், எல்லாரும் கேட்பார்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு சபாவில் கட்டியதும் திருப்பியதும் ரூபாய் பிசகாமல் ஒத்துப்போயிருந்தது. வரி வரியாகப் பார்த்தபோது ஒருவருக்கு 800 ரூபாய் இரண்டு முறை போயிருக்கிறது, இன்னொருவருக்குப் போகவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவர் நேரில் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அதற்குள் இரட்டிப்பாக வாங்கியவரிடம் திருப்பிக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் கேட்வேக்கு வருவோம், போன் வருவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. டிக்கெட் விற்ற பணம் அவ்வப்போது செட்டில் ஆகி உங்கள் வங்கிக்கு வந்துவிட்டதால், ரீஃபண்ட் போடும் நாளில் கேட்வே கணக்கில் இருப்பு எதுவும் இல்லை. நீங்கள் அங்கிருந்து வந்த 1,21,073.60 ஐ அப்படியே திரும்ப ஏற்றினீர்கள். ஆனால் திருப்ப வேண்டியது 1,24,000. பிடித்த கட்டணம் ரீஃபண்டுக்காகத் திரும்ப வராது, அது சங்கத்தின் செலவு. ஆக 1,20,800 வரை போய்விட்டு, இருப்பு 273.60 ஆனதும், ஒரு டிக்கெட்டுக்குக்கூடப் போதாமல், கடைசி நான்கு பேமெண்டுகள் (800, 800, 1,200, 400, மொத்தம் 3,200) நின்றுவிட்டன. நீங்கள் எல்லாவற்றுக்கும் பட்டனை அழுத்தினீர்கள், உண்மைதான். ரீஃபண்ட் அறிக்கையை இறக்கி நிலை என்ற காலத்தைப் பாருங்கள், இந்த நான்கும் processed என்று இருக்காது. இன்னும் 2,926.40 ஏற்றினால் சரியாக 3,200 ஆகும், நான்கையும் மறுபடி போடுங்கள். Refunds ஷீட்டில் processed ஆனதை மட்டும்தான் ஏற்ற வேண்டும், பட்டன் அழுத்தியதை அல்ல.

processed ஆகியும் வரவில்லை என்று சொல்பவர்கள் இருந்தால் அது வேறு விஷயம். கேட்வே அனுப்பிய பின் கட்டியவரின் வங்கியில் ஏற பொதுவாக 5 முதல் 7 வேலை நாள் ஆகும், கார்டில் கட்டியிருந்தால் கார்டு ஸ்டேட்மெண்டில்தான் வரவாகத் தெரியும், சேமிப்புக் கணக்கில் தேடினால் இருக்காது. அந்த ரீஃபண்டின் குறிப்பு எண்ணை (கேட்வே திரையில் ARN அல்லது RRN என்று இருக்கும்) அவருக்கு அனுப்புங்கள், அதைக் கொடுத்தால் அவருடைய வங்கியே தேடிச் சொல்லிவிடும்.

போன் செய்கிறாரே பாவம் என்று கேட்வேயில் கட்டியவருக்கு உங்கள் சொந்த ஜிபேயில் இருந்து பணம் அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. அனுப்பியது கேட்வேக்குத் தெரியாது. நிலுவையில் இருக்கும் ரீஃபண்ட் நாளைக்குப் போனால் அவருக்கு இரண்டு முறை சேரும், அல்லது அவர் ஏற்கெனவே வங்கியில் புகார் கொடுத்திருந்தால் சார்ஜ்பேக் என்று உங்களிடமிருந்து மறுபடி பிடிப்பார்கள். பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே போகட்டும்.

க்யூஆரிலும் அதே நியாயம்தான். கட்டியவருக்கே, கட்டிய முழுத் தொகையும், ஒரே தடவையில். ஒருவர் ஐந்து பேருக்குச் சேர்த்து 2,000 கட்டியிருப்பார், அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் தனியாக வந்து தலா 400 கேட்பார்கள். டிக்கெட் அவர்கள் கையில்தான் இருக்கும், கேட்பதும் நியாயமாகத்தான் தோன்றும். கொடுத்தால் 2,000 வாங்கிக்கொண்டு போனவரோடு சேர்த்து 2,800 போகும். இன்னார் கட்டினார், அவருக்கு இந்த எண்ணில் அனுப்பியாகிவிட்டது, அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். பதிவேட்டில் இருக்கும் போன் நம்பருக்கு அனுப்புவதும் ஆபத்து, டிக்கெட் எழுதியது அப்பா பெயரில் இருக்கும், பணம் போட்டது மகளின் கணக்கு. ஆப்பிலேயே ரீஃபண்ட் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஸ்டேட்மெண்டில் தெரியும் யூபிஐ முகவரிக்கு அனுப்புங்கள், அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் வரவில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு. லிஸ்டில் இல்லாத அந்த இரண்டு 800 ரூபாய்க்காரர்களையும் இப்படித்தான் பிடிக்க முடியும், அவர்கள் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ரொக்கத்தில் 100 டிக்கெட், 40,000 ரூபாய், வங்கியில் கட்டியதும் அதே 40,000. புத்தகங்களின் அடிக்கட்டையை எண்ணி, விற்காமல் திரும்பி வந்த டிக்கெட்டுகளையும் எண்ணி, அச்சடித்த மொத்தத்தோடு சரிபார்த்துவிடுங்கள். ரொக்கத்தில் பெயர் இல்லை, டிக்கெட்தான் ஆதாரம். அதனால் டிக்கெட்டை வாங்கி ரத்து முத்திரை குத்தி, அடிக்கட்டையிலேயே ஒட்டி, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். இதுவரை 86 டிக்கெட் திரும்பி வந்து 34,400 கொடுத்திருக்கிறீர்கள், 14 பாக்கி. அந்த 14 எண்களும் எந்தப் புத்தகம், அந்தப் புத்தகம் எந்தத் தன்னார்வலரிடம் இருந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் யாருக்கு விற்றோம் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது பேரேடு. நிகழ்ச்சி நடக்கும்வரை டிக்கெட் பணம் வருமானமே இல்லை, அது மற்றவர்களுடைய முன்பணம். நீங்கள் டிக்கெட் வருமானம் என்று எழுதி, ரீஃபண்டைச் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் எது பாக்கி என்று பேரேட்டில் தெரியவில்லை. இரண்டையும் டிக்கெட் முன்பணம் என்ற ஒரே தலைப்புக்கு மாற்றுங்கள். வரவு 1,24,000 + 49,600 + 40,000 = 2,13,600. நான்கு கேட்வே பேமெண்டுகளும் க்யூஆர் எல்லாமும் முடிந்தபின் திருப்பியது 1,24,000 + 49,600 + 34,400 = 2,08,000. மீதி 5,600. அந்த 14 டிக்கெட்டும் 5,600 ரூபாய்தான், G காலத்தைக் கூட்டினாலும் 5,600 வர வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் யாரும் விடுபடவில்லை.

வங்கியில் இந்த நிகழ்ச்சிக்கென்று அப்போது மிச்சம் இருப்பது 2,673.60 தான், கொடுக்க வேண்டியதோ 5,600. வித்தியாசம் அதே 2,926.40, கேட்வே கட்டணம். அதைச் செலவாக எழுதி சங்கத்தின் பொது நிதியில் இருந்து இப்போதே ஒதுக்கச் சொல்லுங்கள், பதினாலாவது ஆள் டிக்கெட்டோடு வரும்போது பணம் இருக்க வேண்டும் இல்லையா. வராதவர்கள் பணத்தை வருட முடிவில் இதர வருமானம் என்று மாற்றிவிடாதீர்கள், 14 டிக்கெட் எண்களையும் பட்டியலாக எழுதி ஆண்டுக் கணக்கோடு இணைத்து, கொடுக்க வேண்டிய பாக்கி என்ற தலைப்பிலேயே வைத்திருங்கள்.