கிணற்றுத் தண்ணீரும் மங்கிய தலைமுடியும்

வணக்கம். விசுவமடுவுக்கு மாற்றலாகி வந்த பின் என் தலைமுடி சாம்பல் பூசியதுபோல் மங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் வைத்தால் பிசுபிசுக்கிறது. கடையில் வாங்கிய சீரம் பூசினால் பொம்மை முடிபோலத் தெரிகிறது. கிணற்றில் அள்ளி, சவர்க்காரம் போட்டுத்தான் முழுகுகிறேன். இயல்பான மினுக்கம் வர என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

அன்புடையீர்,

மினுக்கம் வருவதற்கு எதையாவது பூசுவதற்கு முன், முடியில் ஏற்கெனவே படிந்திருப்பதை அகற்ற வேண்டும். வன்னியின் பல கிணறுகளில் கல்சியம் மிகுந்த தண்ணீரே கிடைக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்தக் கல்சியம் சவர்க்காரத்துடன் சேரும்போது நீரில் கரையாத ஒரு பசை உண்டாகி முடியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. முடியின் வெளிச்செதில்கள் தட்டையாகப் படிந்து வழவழப்பாக இருந்தால்தான் ஒளி சீராகத் திரும்பும். பசை படிந்த முடியில் அது சிதறிவிடும். அதன் மேல் எண்ணெய் வைத்தால் பிசுக்கு இன்னும் கூடுகிறது. சீரத்தில் பெரும்பாலும் உள்ள சிலிக்கோன், அளவு மீறினால் இழைகளை ஒன்றாக ஒட்டவைத்து, தலை அசைந்தாலும் அசையாத ஒரே பளபளப்பைத் தருகிறது.

உங்கள் கிணறு அப்படிப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, சிறிது சவர்க்காரச் சீவலை இட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் பால்போலக் கலங்கினால், காரணம் அதுவே.

அப்படியானால் தலைக்குச் சவர்க்காரத்தை விட்டுவிட்டு ஷாம்புவுக்கு மாறுங்கள். அது இந்தப் பசையை உண்டாக்காது. அலசிய பின், ஒரு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து முடி நீளத்துக்கு ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அலசுங்கள். கலக்குவதற்கும் கடைசி அலசலுக்கும் மாரியில் பிடித்த மழைநீர் இருந்தால் நல்லது. இல்லையேல் கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம், கல்சியத்தில் ஒரு பகுதியாவது அடியில் தங்கிவிடும். வினாகிரி அலசல் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தலையில் புண் இருந்தால் அறவே வேண்டாம். தேசிக்காய்ச் சாறும் இதே வேலையைச் செய்யும் என்றாலும் நான் அதைச் சொல்லத் தயங்குவேன், ஏனெனில் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழக்கூடும். நம் ஊர் வெயிலோ உங்களுக்குத் தெரியும்.

எண்ணெயின் முறை அதன் பின்னரே. முடி ஈரமாக இருக்கையில் இரண்டு மூன்று துளி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழுள்ள பகுதிக்கு மட்டும் தடவுங்கள். காய்ந்த பின் விரலில் எண்ணெய் ஒட்டினால் அளவு கூடிவிட்டது. நன்றாக எண்ணெய் வைக்க விரும்பினால், முழுகுவதற்குச் சில மணி நேரம் முன்பு வையுங்கள்.

நாட்பட்ட படிவு ஒரே முழுக்கில் போகாது, சில வாரங்கள் பிடிக்கும். சுருள்முடிக்கு நேர்முடியின் மினுக்கம் வராது. சாயத்தாலோ சூட்டுக் கருவியாலோ செதில் உரிந்த நுனிகள் எதற்கும் மினுங்கா. அவற்றை வெட்டத்தான் வேண்டும்.