தவணைக் கடனின் அசலும் வட்டியும்: வங்கியிடம் கேட்க வேண்டிய அறிக்கை எது?

பர்கூர், ஜவுளிக் கடைக் கணக்கர்: பத்து லட்சம் கடனுக்கு மாதம் 21,247 ரூபாய் தவணை போகிறது. அசல், வட்டி பிரித்துக் கேட்டால் கடன் தந்த அன்று கொடுத்த அட்டவணையையே மறுபடியும் அச்சிட்டுத் தருகிறார்கள். அதை வைத்து டேலியில் பதியலாமா?

பதியக் கூடாது. அட்டவணை என்பது கடன் தந்த அன்று போட்ட கணிப்பு. அதன் பிறகு உங்கள் கணக்கில் நடந்த எதுவும் அதற்குத் தெரியாது. நீங்கள் கேட்க வேண்டியது கடன் கணக்கு அறிக்கை. சேமிப்புக் கணக்குக்கு இருப்பதைப் போலவே கடன் கணக்குக்கும் தேதிவாரியாக ஓர் அறிக்கை உண்டு.

உங்கள் தொகையையே எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம், 10 சதவீதம், 60 மாதம் என்று வைத்தால் 21,247 வரும். அட்டவணை ஆண்டு வட்டியைப் பன்னிரண்டாக வகுத்து, முதல் மாத வட்டி 8,333 என்றும் அசலுக்கு 12,914 என்றும் காட்டும். வங்கிகள் பெரும்பாலும் நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. ஆகவே 31 நாள் உள்ள மாதத்துக்கு 8,493 பற்று விழும். அசலில் 12,754 மட்டுமே குறையும். முதல் தவணையிலேயே 160 ரூபாய் இடிக்கிறது. பிப்ரவரியில் இது எதிர்த்திசையில் இடிக்கும் என்பதால், ஆண்டு முடிவில் வேறுபாடு சிறிதாகவே தெரியலாம்.

பெரிய வேறுபாடு வட்டி விகிதம் மாறும்போது வருகிறது. 2025-இல் ரெப்போ விகிதம் 6.50-இலிருந்து 5.25 வரை படிப்படியாகக் குறைந்தது. அதனோடு இணைந்த கடன்களில் பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் மாதங்களின் எண்ணிக்கையை மட்டும் குறைத்தன. மாதந்தோறும் அதே தொகை போவதால் கணக்கருக்கு ஐயமே எழாது. ஆனால் அதற்குள் வட்டி சுருங்கி, அசல் கூடுதலாகக் கழிந்திருக்கும்.

தருமபுரி, கிரானைட் பாலிஷ் ஆலைக் கணக்கர்: வங்கிக்கு எப்படி எழுதிக் கேட்பது? வாய்மொழியாகக் கேட்டால் வட்டிச் சான்றிதழ்தான் தருகிறார்கள்.

வட்டிச் சான்றிதழில் ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகைதான் இருக்கும். அதிலும் ஆண்டு முடியுமுன் வாங்கினால் அது தற்காலிகச் சான்றிதழ். மீதி மாதங்களுக்கு அட்டவணைப்படி ஊகித்துப் போட்டிருப்பார்கள். கடிதத்தில் பின்வருமாறு எழுதுங்கள்:

"எங்கள் நிறுவனத்தின் பெயரிலுள்ள தவணைக் கடன் கணக்குக்கு 01-04-2025 முதல் 31-03-2026 வரையிலான கடன் கணக்கு அறிக்கையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பற்று வைக்கப்பட்ட வட்டி, தனியே பற்று வைக்கப்பட்ட கட்டணங்கள், வரவான தவணைகள், ஒவ்வொரு நாளின் இருப்பு ஆகியவை தேதிவாரியாக இருக்க வேண்டும். வட்டி விகிதம் மாறிய தேதிகளையும் 31-03-2026 அன்றுள்ள நிலுவையையும் உறுதிப்படுத்தித் தருக."

கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, வங்கியில் கையொப்ப அதிகாரம் பெற்றவரே கையெழுத்திட வேண்டும். கணக்கர் நேரில் சென்று வாங்குவதானால் அவர் பெயருக்கு ஓர் அதிகாரக் கடிதமும் இணையுங்கள். இல்லாவிட்டால் கிளையில் தர மறுப்பது அவர்கள் தவறு அன்று. எக்செல் கோப்பாகவும் கேட்டுப் பாருங்கள்.

ஓசூர், லேத் பட்டறைக் கணக்கர்: அறிக்கை வாங்கிவிட்டேன். அதில் தவணை முழுவதும் 5-ஆம் தேதி வரவாகிறது, வட்டி மாதக் கடைசியில் பற்றாகிறது. அசல், வட்டி என்று இரண்டு கட்டம் எங்கேயும் இல்லையே?

நீங்கள் தேடுவது உங்கள் கையிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட கணக்கில் தவணையைப் பிரிக்கவே தேவையில்லை. மாதக் கடைசியில் வட்டிச் செலவுக்குப் பற்று, கடன் லெட்ஜருக்கு வரவு. 5-ஆம் தேதி தவணை முழுவதையும் கடன் லெட்ஜருக்குப் பற்று, வங்கிக்கு வரவு. வங்கியின் பற்று நமக்கு வரவு என்பதை மட்டும் தலைகீழாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கடனிலேயே பத்து லட்சத்துடன் 8,493 சேர்ந்து, 21,247 கழிந்தால் 9,87,246. அறிக்கையிலும் அந்த நாளில் இதே எண் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எந்தத் தேதியில் பிரிந்தது என்று மேலிருந்து கீழே பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலும் அங்கே தவணை திரும்பியதற்கான கட்டணமோ காப்பீட்டுத் தொகையோ உட்கார்ந்திருக்கும்.

மார்ச் 31-இல் விழும் வட்டியைத் தவறாமல் அந்த ஆண்டிலேயே பதியுங்கள். பணம் ஏப்ரல் 5-இல் போனாலும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் உண்மையிலேயே செலுத்தப்பட்டிருந்தால் அந்தச் செலவு அதே ஆண்டில் ஏற்கப்படும். தவணை விடுப்பில் செலுத்தாத வட்டியை வங்கி அசலோடு சேர்த்திருந்தால் கதை வேறு, அது செலுத்தியதாகாது. அதை ஆடிட்டரிடம் தனியே காட்டுங்கள்.

காவேரிப்பட்டணம், தொழில் முனைவர்: எதற்கு இவ்வளவு சுற்று? 2023-இலேயே ரிசர்வ் வங்கி காலாண்டுக்கொரு முறை அசல், வட்டி பிரித்த அறிக்கை தரச் சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை நீட்டினால் போதும்.

பாதி சரி. 18-08-2023 சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதன் தலைப்பே தவணை முறைத் தனிநபர் கடன்கள்தான். அதை நிறுவனக் கடனுக்கு நீட்டினால் மேலாளர் முதல் வரியையே திருப்பிக் காட்டுவார். தந்தாலும், அந்தக் காலாண்டு அறிக்கையில் இன்றுவரை வசூலான அசல், வட்டியின் மொத்தமே இருக்கும், தேதிவாரியாக இராது.

காவேரிப்பட்டணம், மீண்டும்: மொத்தம் போதுமே! காலாண்டுக்கு ஒரு ஜர்னல் போட்டால் முடிந்தது. எங்கள் ஆடிட்டர் ஏற்றுக்கொள்கிறார்.

ஓசூர், லேத் பட்டறைக் கணக்கர்: எங்கள் ஆடிட்டர் ஏற்கமாட்டார். மாதாந்திர லாபக் கணக்கை முதலாளி கேட்கிறார், காலாண்டுவரை எப்படிக் காத்திருப்பது?

இருவரும் அவரவர் ஆடிட்டரை வைத்துப் பேசுகிறீர்கள். மார்ச் 31 இருப்பு ஒத்துப்போனால் காலாண்டுப் பதிவைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை; ஆனால் இடையில் திரும்பிய ஒரு தவணையை அந்த மொத்தத்துக்குள் தேடி எடுப்பது எப்படி என்று காவேரிப்பட்டணத்தார்தான் சொல்ல வேண்டும்.

பாலக்கோடு: அட்டவணைப்படியே பதிந்துவிட்டு மார்ச்சில் சரிசெய்யலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஆண்டிறுதியில் உண்மையாகவே சரிசெய்வதாக இருந்தால் செய்யலாம். சரிசெய்தவர்களைக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

போச்சம்பள்ளி: என் வீட்டுக் கடனுக்கு வரிவிலக்குப் பெற எந்தத் தாள்?

உங்களுக்கு வட்டிச் சான்றிதழே போதும். இது நிறுவனக் கணக்கு பற்றிய பேச்சு.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை: எங்கள் சி.சி. கணக்குக்கும் அசல், வட்டி பிரித்துக் கேட்க வேண்டுமா?

வேண்டாம். அதில் தவணையே இல்லை. மாதந்தோறும் விழும் வட்டியை மட்டும் செலவில் பதிந்து, இருப்பை ஒப்பிட்டால் போதும்.

அரூர், லாரி உரிமையாளரின் கணக்கர்: கடன் வங்கியில் அன்று, நிதி நிறுவனத்தில். கூட்டாண்மை நிறுவனம். அறிக்கை ஆண்டு முடிவில் வாங்கினால் போதாதா?

போதாது. வங்கிக்குச் செலுத்தும் வட்டியில் வரி பிடிக்க வேண்டியதில்லை. வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆண்டு வட்டி 10,000 ரூபாயைத் தாண்டுவதாக இருந்தால், கூட்டாண்மை நிறுவனம் வட்டிப் பகுதியில் 10 சதவீதத்தைப் பிடித்துக் கட்ட வேண்டும். அசலுக்குப் பிடித்தம் கிடையாது. ஆகவே மாதந்தோறும் வட்டி எவ்வளவு என்று தெரிந்தே ஆக வேண்டும். தவணை முழுத்தொகையாகத் தானாகவே கழிந்துவிடுவதால், வரியை நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, பிடித்தச் சான்றிதழை அனுப்பி அந்தத் தொகையை அவர்களிடம் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதுவரை அதை அவர்களிடமிருந்து வரவேண்டிய தொகையாக வைத்திருங்கள், செலவில் எழுதிவிடாதீர்கள். அறிக்கையை மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி இப்போதே எழுதிவிடுங்கள்.